இளநரைக்கு எண்ணெய் வாங்கும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

இருபத்து மூன்று வயதில் என் தலையில் நரை தெரிய ஆரம்பித்தது. முதலில் காதோரம், பிறகு உச்சியில். அடுத்த இரண்டு வருடங்களில் எண்ணெய், சீரம், மாத்திரை, கடைசியாக ஒரு முடி சிகிச்சை மையத்தின் ‘பேக்கேஜ்’ என்று நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அந்த மையத்தில் தலையைக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார்கள், தவணை முறையில் பணம் கட்டலாம் என்றார்கள், ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை. என் நரையில் ஒரு பகுதிக்குக் காரணம் ரத்தத்தில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்த பரிசோதனைகளுக்கு மொத்தமாக ஆன செலவு சில ஆயிரம்தான். இளநரையோடு இருப்பவர்களிடம் யாராவது இதை வரிசையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரை வந்தால் மருத்துவம் அதை இளநரை என்கிறது. அங்கே இங்கே ஒன்றிரண்டு வெள்ளை முடி இருப்பது யாருக்கும் நடக்கும். வகிடு எடுத்தாலே தெரிகிறது, மாதா மாதம் கூடுகிறது என்றால் காரணம் தேட வேண்டும். காரணங்கள் பல இருந்தாலும், உள்ளே நடப்பது இரண்டில் ஒன்றுதான். முடியின் வேரில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. முடி வளரும்போது அவை மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்து முடிக்குள் அனுப்புகின்றன. ஒரு முடி சில வருடங்கள் வளரும், பிறகு உதிரும், அதே வேரிலிருந்து புது முடி கிளம்பும். ஒவ்வொரு புது முடிக்கும் புதிய நிறமிச் செல்கள் வேண்டும். அவற்றைத் தருவதற்கென்று வேருக்குச் சற்று மேலே மூலச் செல்களின் சேமிப்பு ஒன்று இருக்கிறது. அந்தச் சேமிப்பே தீர்ந்துபோனால் அது வற்றிய கிணறு. சேமிப்பு இருந்தும் செல்கள் வேலை செய்யவில்லை என்றால், கிணற்றில் தண்ணீர் இருந்தும் கரண்ட் இல்லாமல் மோட்டார் நிற்கிறது என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு முடியும் ஒரே வெள்ளைதான். முதல் வகையைத் திருப்ப இன்றைக்கு வழி இல்லை. இரண்டாவது வகை சில சமயம் திரும்பும். எண்ணெய் விற்பவரோ சீரம் விற்பவரோ இந்த வித்தியாசத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்.

முதல் வகைக்குப் பெரும்பாலும் மரபணுதான் காரணம். நரைக்கத் தொடங்கும் வயதில் பெரும்பங்கு பெற்றோர் வழியாக வருவது. லத்தீன் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. நிறமி உற்பத்தியோடு தொடர்புள்ள ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணு நரையோடும் தொடர்புள்ளது என்று முதன்முதலில் காட்டியது அதுதான். அந்த ஒரு மரபணுவே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதனால் நரைக்கென்று மரபணுப் பரிசோதனை செய்வதில் பயன் கிடையாது. அதைவிட நம்பகமானது குடும்பத்தைக் கேட்பது. அப்பா எப்போது நரைத்தார் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல் அம்மா பக்கத்தையும் கேளுங்கள். என் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வரை நரை இல்லை. அதை வைத்து “உங்க குடும்பத்துலயே கிடையாதே” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவிடம் உட்கார்ந்து விசாரித்தபோதுதான் பெரிய மாமாவுக்குக் கல்யாணத்தின்போதே காதோரம் வெளுத்திருந்தது தெரிந்தது. பழைய கல்யாண ஆல்பத்தில் அவர் காதுக்கு மேலே வெள்ளைக் கீற்று நன்றாகவே தெரிகிறது. எனக்கும் அதே இடத்தில்தான் முதலில் வந்தது. மரபு வழி நரைக்கு இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு வந்த வயதையொட்டி வரும், காதோரத்திலோ நெற்றியோரத்திலோ தொடங்கி மெதுவாக உச்சிக்கும் பின்தலைக்கும் போகும், உடம்பில் வேறு தொந்தரவு எதுவும் இருக்காது.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். சத்துக் குறைவால் நரைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் என்று பல பெயர்கள் அடிபடும். இளநரை உள்ளவர்களிடம் இவை குறைவாக இருப்பதை இந்திய மருத்துவமனைகளில் செய்த ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருப்பது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருப்பது வேறு. இந்தியாவில் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களை எண்ணி மாளாது, அவர்கள் எல்லோரும் நரைத்துப் போகவில்லை. குறைபாட்டைச் சரிசெய்ததும் முடி மீண்டும் கறுத்ததை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துப் பதிவு செய்தது முக்கியமாக வைட்டமின் பி12 விஷயத்தில்தான். அரிதாகத் தாமிரக் குறைவு, அதன் பிறகு சத்தோடு சேராத தைராய்டு சுரப்புக் குறைவு. என் கதை பி12-இன் கதை என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் தலையைப் பார்ப்பதற்கு முன் கையைக் கேட்டார். “விரலை மடக்கிக் காட்டுங்கம்மா” என்றார். விரல் கணுக்களின் மேல் தோல் கருத்துத் திட்டாக இருந்தது. வெயிலில் வண்டி ஓட்டுவதால் வந்தது என்று நானும் வீட்டிலும் நினைத்திருந்த கருப்பு அது. வெயில் கருப்பாக இருந்தால் புறங்கை முழுக்கப் பரவியிருக்கும். இதுவோ கணுக்களில் மட்டும் அடர்த்தியாகவும் நடுவில் இயல்பான நிறத்திலும் இருந்தது. பி12 குறையும்போது இந்த வினோதம் நடக்கிறது. தோல் சில இடங்களில் கறுக்கிறது, அதே ஆளுக்கு முடி வெளுக்கிறது. பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் சொரசொரப்பு போய் வழவழவென்று சிவந்திருந்தது. காரம் சாப்பிட்டால் எரிகிறதா, பாதத்தில் ஊசி குத்துவது போல் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இருந்தது. இவற்றை நரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்து சாப்பாடு. எங்கள் வீடு சுத்த சைவம். பி12 தாவர உணவில் கிடையாது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். ஒரு டம்ளர் பாலில் சுமார் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், ஒரு முட்டையில் அதில் பாதி. காலையும் மாலையும் பாலோ தயிரோ நிறைய எடுத்துக்கொள்ளும் சைவர்கள் சமாளித்துவிடுவார்கள். நானோ விடுதியில் இருந்த வருடங்களில் காபியில் விடும் பால், மோராகிப்போன தயிர் இவற்றோடு நின்றிருந்தேன். இட்லி, தோசை மாவு புளிப்பதால் பி12 கிடைக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள், அது நம்பத்தகுந்த அளவில் இருப்பதில்லை. சுருள்பாசி மாத்திரையும் அப்படித்தான். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றி உடம்புக்குப் பயன்படாத பொருள். இதற்கு மேல் நெஞ்செரிச்சலுக்கு என்று பல மாதங்கள் தினமும் காலையில் பாண்டோப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தேன். உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் சாப்பிட்டதிலிருந்தும் அது சரியாகக் கிடைக்காது. சர்க்கரைக்கும் நீர்க்கட்டிக்கும் தரப்படும் மெட்ஃபார்மினும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இருபதுகளில் நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின் எடுக்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தவை நான்குதான்: முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். நரைக்காக முதலில் பார்க்க இவை போதும். ‘ஹேர் ப்ரொஃபைல்’ என்று முப்பது நாற்பது சோதனைகளைச் சேர்த்து விற்கும் தொகுப்பு தேவையில்லை. என் முடிவுகளை வரிசையாகச் சொல்கிறேன், படிக்கும் விதம் முக்கியம். ஹீமோகுளோபின் 10.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், ஆக ரத்தசோகை இருந்தது. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெரிதாகும், எம்.சி.வி. என்ற அளவு 100-ஐத் தாண்டும் என்பது பாடம். எனக்கு எம்.சி.வி. 90, சரியான அளவு. இதற்கு முன் வேறொரு இடத்தில் ரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு “பி12 பிரச்சினை இல்லை, சாதாரண இரும்புக் குறைவு” என்று சொன்னது இதனால்தான். ஆனால் எனக்கு ஃபெரிட்டின் 9, அதாவது இரும்புச் சேமிப்பும் காலி. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறிதாகும், பி12 குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்தால் சராசரி நடுவில் வந்து நின்று சரியாக இருப்பது போலக் காட்டும். பெரியதும் சிறியதும் கலந்திருப்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் மட்டும் கூடியிருக்கும். எனக்கு 18 இருந்தது, வழக்கமாக 14, 15-க்குள் இருக்க வேண்டும். பி12-ஐத் தனியாகப் பார்த்தபோது 126 வந்தது. 200-க்குக் கீழே போனால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் நடுவே இருந்தால் சந்தேகம் என்று வைத்துக்கொண்டு ஹோமோசிஸ்டீனோ மெத்தில் மலோனிக் அமிலமோ பார்த்து உறுதி செய்வார்கள். தைராய்டு எனக்குச் சரியாக இருந்தது.

பரிசோதனைக்கு முன் என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது முடிவையே புரட்டிவிடும். இதைத் தயவுசெய்து கவனியுங்கள். முடிக்கு என்று கடையில் கேட்டால் முதலில் கையில் வருவது பயோட்டின் மாத்திரை, பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம். நமக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 30, 40 மைக்ரோகிராம்தான், ஆகவே இது நூறு மடங்குக்கும் மேல். நரையைத் திருப்புவதில் அதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் கெடுதல் வேறு வழியில் வருகிறது. பல ஆய்வகக் கருவிகள் அளவெடுக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டிவிடும். சுரப்புக் குறைந்தவருக்கு எல்லாம் சரி என்று வரலாம், சரியாக இருப்பவருக்கு அதிகச் சுரப்பு என்று வரலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையையும் இது ஏமாற்றும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், எடுத்துக்கொண்டிருந்ததை ஆய்வகத்திலும் சொல்லுங்கள். அதேபோல் பி12 மாத்திரையை நீங்களே வாங்கி ஒரு மாதம் போட்டுவிட்டுப் பரிசோதித்தால் ரத்தத்தில் அளவு ஏறித்தான் காட்டும். குறைபாடு இருந்ததா என்பதே தெரியாமல் போகும்.

அடுத்து ஃபோலிக் அமிலம். அதை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகிவிடும். நரம்புக்கு நடக்கும் கேடு மட்டும் தொடரும். ரத்த எண்ணிக்கை தேறிவிட்டதே என்று ஆளும் நிம்மதியாக இருப்பார், பாதம் மரத்துக்கொண்டே போகும். நரை திரும்பாவிட்டால் உயிர் போய்விடாது, நரம்பு திரும்பாவிட்டால் நடையே போகும். எனக்கு இந்த விஷயத்தில் பயம் வந்தது நிஜம், நரையைவிடப் பெரிய விஷயம் என் காலில் நடந்துகொண்டிருந்தது. இன்னொன்று துத்தநாகம். முடி மாத்திரைகளில் ஜிங்க் 50 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40-க்கு மேல் போகக் கூடாது என்பது உச்ச வரம்பு. மாதக்கணக்கில் அதிகம் எடுத்தால் குடல் தாமிரத்தை உள்ளே விடாது. மெலனினைச் செய்யும் டைரோசினேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் இல்லாமல் வேலை ஓடாது. நரைக்கு என்று வாங்கிய மாத்திரையே நரையைக் கூட்டுகிற நிலை இப்படித்தான் வருகிறது. தாமிரம் சாதாரணச் சாப்பாட்டிலேயே, பருப்பு, கொண்டைக்கடலை, எள், நிலக்கடலையில், போதுமான அளவு கிடைத்துவிடும். ஜிங்கை அதிகமாக எடுத்தவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தவிர மற்றவர்கள் தாமிர மாத்திரை பக்கம் போகவே வேண்டாம்.

எனக்குத் தந்த சிகிச்சை இது. பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு ஒரு மாதம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. நரம்பில் அறிகுறி இருந்ததால் ஊசி. இல்லாதவர்களுக்குத் தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே பல சமயம் போதும். இவ்வளவு பெரிய அளவில் கொடுத்தால் குடல் வேறு வழியிலும் நூற்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அதுவே தேவைக்கு மேல். இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். தினமும் போடுவதைவிட அப்படி எடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை நன்றாகச் சேரும், வயிறும் தாங்கும். காபி, டீ குடித்த ஒரு மணி நேரத்துக்குள் போடக் கூடாது. நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ கூடச் சேர்த்தால் நல்லது. நெல்லிக்காய் இளநரைக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வதில் எனக்குத் தெரிந்து நிற்கக்கூடிய பகுதி இது: அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோக உதவுகிறது. பாண்டோப்ரசோலை மருத்துவர் படிப்படியாக நிறுத்தினார். அளவுகளை ஒரு மாதிரிக்காகச் சொன்னேன். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் ரத்த முடிவைப் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும்.

இனி பொறுமை வேண்டிய பகுதி. ரத்தம் சில வாரங்களில் தேறிவிடும், நாக்கு எரிச்சல் அதற்கும் முன்னாலேயே போகும். முடி அப்படி இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி உயிரற்றது, அதன் நிறத்தை உள்ளே இருந்து எந்தச் சத்தாலும் மாற்ற முடியாது. வேரில் இனிமேல் முளைக்கும் பகுதிதான் கறுப்பாக வர முடியும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்வதிலும் அர்த்தம் இல்லை, ஒரு மாதத்தில் கறுத்துவிட்டது என்று எந்த எண்ணெய் விளம்பரமாவது காட்டினால் அதை நம்புவதிலும் அர்த்தம் இல்லை. ஒரே மாதத்தில் நுனிவரை கறுத்தால் அந்த எண்ணெயில் சாயம் இருக்கிறது.

திரும்புகிறதா என்பதை ஒற்றை முடியை வைத்தே கண்டுபிடிக்கலாம். சீப்பில் தானாக வந்த நரைமுடியை எடுத்து வெள்ளைத்தாள் மேல் ஒரு முறை, கறுப்புத்துணி மேல் ஒரு முறை வைத்து நுனியிலிருந்து வேர்வரை பாருங்கள். வேர் எந்தப் பக்கம் என்று குழப்பம் இருந்தால் விரல்களால் உருவிப் பாருங்கள். வேரின் முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும், வெட்டப்பட்ட நுனியில் இருக்காது. நுனி கறுப்பு, வேர்ப்பக்கம் வெள்ளை என்றால் அந்த முடி நரைத்துக்கொண்டிருக்கிறது. நுனி வெள்ளை, வேர்ப்பக்கம் கறுப்பு என்றால் நிறம் திரும்பியிருக்கிறது. முழுக்க வெள்ளை என்றால் அது வளரத் தொடங்கியதிலிருந்தே நிறம் இல்லை. ஐந்தாவது மாதத்தில் என் சீப்பில் அப்படி ஒரு முடி கிடைத்தது. நீளத்தில் பெரும்பகுதி வெள்ளை, வேரையொட்டிச் சுமார் மூன்று சென்டிமீட்டர் கறுப்பு, நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு இடைவெளி. அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றும் இல்லை. இதோடு ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிட்டில், மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். நினைவை மட்டும் நம்பினால் நல்ல நாளில் குறைந்தது போலவும் கெட்ட நாளில் கூடியது போலவும் தோன்றும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு நிலைமை இது: உச்சியில் இருந்த நரையில் கணிசமான பகுதி கறுத்துவிட்டது. காதோரம் ஒன்றும் மாறவில்லை, சொல்லப்போனால் சற்றுக் கூடியிருக்கிறது. மாமாவுக்கு வந்த அதே இடம் அது. ஒரே தலையில் இரண்டு வகை நரையும் இருக்கலாம் என்பதை மருத்துவர் ஊசி தொடங்கும் முன்பே சொல்லியிருந்தார், அதனால் ஏமாற்றம் வரவில்லை. எதிர்பார்ப்பை வைக்க வேண்டிய அளவும் இதுதான். குறைபாடு சமீபத்தில் வந்திருந்து, நரையும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்ததாக இருந்தால் ஓரளவு திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. பத்து வருட நரை, குடும்ப வழி நரை, எல்லாச் சோதனையும் சரியாக இருக்கும் நரை இவற்றில் மாத்திரை போட்டு நிறம் வராது. மருந்துக்கடையில் இளநரைக்கென்று பல வருடங்களாகக் கொடுத்துவரும் கால்சியம் பாந்தோதினேட்டும் இந்த இடத்தில் உதவும் என்று சொல்ல வலுவான சான்று இல்லை. கரிசலாங்கண்ணித் தைலமும் கறிவேப்பிலை எண்ணெயும் முடியை மென்மையாக்கும், லேசாக நிறம் ஏற்றிக் காட்டும். தீர்ந்துபோன மூலச் செல்லை உருவாக்காது. பிடித்திருந்தால் தேயுங்கள், லிட்டர் கணக்கில் விலை கொடுக்காதீர்கள்.

மன அழுத்தம் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்: கடும் அழுத்தத்தில் நரம்பு முனைகள் வெளிவிடும் நார்அட்ரினலின், நிறமி மூலச் செல்களை ஒரேயடியாகச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது, அது திரும்பவில்லை. 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் முடியைத் துண்டு துண்டாக அளந்து பார்த்தார்கள். அழுத்தம் குறைந்த காலத்தோடு ஒத்துப்போய்ச் சில முடிகள் தாமாகவே நிறம் திரும்பியிருந்தன. விடுமுறைக்குப் போன ஒருவருக்கு அந்தச் சமயத்தில் ஐந்து முடிகள் அப்படித் திரும்பின. ஐந்து முடிகள் என்பதைக் கவனியுங்கள், தலை முழுக்க அல்ல. நரையின் எல்லைக்கோட்டில் நிற்கும் முடிக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. “டென்ஷன் ஆகாதே, தானா கறுத்துடும்” என்று யாராவது சொன்னால், அந்தச் சில முடிகளுக்கு மேல் நம்புவதற்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை. புகை பிடிப்பவர்களிடம் இளநரை கூடுதலாக இருப்பதும் பார்க்கப்பட்டிருக்கிறது, நிறுத்துவதற்கு இருக்கும் காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம் மட்டும் சாதாரண இளநரை அல்ல. முடியோடு அதன் கீழே இருக்கும் தோலும் வெளுத்திருந்தால் வெண்புள்ளியா என்று பார்க்க வேண்டும். சில வாரங்களுக்குள் திடீரென்று தலை வெளுத்தது போல ஆனால் புழுவெட்டின் ஒரு வடிவமாக இருக்கலாம். அதில் கறுப்பு முடிகள் முதலில் உதிர்ந்து, ஏற்கெனவே இருந்த வெள்ளை முடிகள் மட்டும் மிஞ்சுகின்றன. புழுவெட்டு ஆறும்போது முதலில் வெள்ளையாக முளைக்கும், பலருக்குப் பிறகு கறுக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

திரும்பாத நரைக்கு இருப்பது இரண்டே வழி, அப்படியே விடுவது, அல்லது நிறம் பூசுவது. பிடுங்குவது வழியே அல்ல. ஒன்றைப் பிடுங்கினால் பத்து வராது, ஆனால் அதே வேரிலிருந்து அதே வெள்ளைதான் திரும்ப வரும், திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் கெட்டு முடியே வராமல் போகும். பூசுவதென்றால் ‘கருப்பு மருதாணி’ என்று பாக்கெட்டில் வருவதை முதலில் ஒதுக்குங்கள். மருதாணி தரும் நிறம் செம்மஞ்சள், கறுப்பைத் தராது. அரை மணியில் கறுக்கும் மருதாணி என்றால் அதில் பி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் பாரா ஃபினைலீன் டைஅமைன் சாயம் இருக்கிறது. அம்மோனியா இல்லை என்று எழுதியிருந்தாலும் பி.பி.டி. இருக்கலாம். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் நெற்றியும் கண் இமையும் வீங்கி நீர் வடியும். ஒரு முறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க அந்தச் சாயத்தைத் தொட முடியாது. சாயம் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நான் போடுவது மருதாணியும் அவுரியும். தோள்வரை இருக்கும் முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான டீத்தண்ணீரில் குழைத்து இரவு மூடி வைத்து, காலையில் எண்ணெய்ப் பசை இல்லாத தலையில் பூசி இரண்டு மணி நேரம் விட்டுத் தண்ணீரில் மட்டும் அலசுகிறேன். நரை ஆரஞ்சாக மாறியிருக்கும். உடனே 100 கிராம் அவுரிப் பொடியை அரை டீஸ்பூன் உப்போடு வெந்நீரில்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, பத்து நிமிடம் விட்டுப் பச்சை வாசனை வந்ததும் பூச வேண்டும். அவுரியில் எலுமிச்சையோ தயிரோ சேர்க்கக் கூடாது, புளிப்பு அதைக் கெடுக்கும். குழைத்து அரை மணிக்கு மேல் வைத்திருந்தாலும் வீரியம் போய்விடும். பலருக்கு அவுரி பிடிக்காமல் போவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் முதலில் பச்சை சாயலாக இருக்கும், காற்று பட்டு ஒன்றிரண்டு நாளில் கறுப்பாகும். அதுவரை ஷாம்பு வேண்டாம். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள குடும்பத்தில் மட்டும் மருதாணிக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள், அது அவர்களுக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கலாம்.

ஊசி நின்ற பிறகு நான் தினமும் ஒரு பி12 மாத்திரை எடுக்கிறேன், வருடத்துக்கு ஒரு முறை அளவைப் பார்க்கிறேன். சைவச் சாப்பாட்டை மாற்றப் போவதில்லை என்பதால் இதை நிறுத்தினால் பழைய நிலைக்கே போவேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதே சமையலைச் சாப்பிடும் வீட்டில் மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார். தம்பிக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. பி12 மட்டும் 160 வந்தது, அவனுக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று.